இரண்டு கையெழுத்து குறைந்த உயில்

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்து, காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அவருடைய மகள் இரும்பு பீரோவைத் திறந்து வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுக்கிறார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே, கரும்பலகையில் ஊரே பார்த்த அதே குண்டு எழுத்தில் நான்கு பக்கம். மனைவி முன்பே காலமாகிவிட்டார் என்று தொடங்கி, கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு வீடு, வங்கியில் உள்ள பணம் இரண்டு மகன்களுக்கும் சமமாக, இதை மகளே முன்நின்று நிறைவேற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் தேதி, இனிஷியலோடு முழுக் கையெழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையல்ல இது. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரே வீடாகச் சொல்கிறேன். நோட்டு, டைரி, இன்லேண்ட் லெட்டர், எல்.ஐ.சி. காலண்டரின் பின்பக்கம் என்று காகிதம் மாறும். கதை பெரும்பாலும் இதுதான்.

நோட்டைப் பார்த்த மூத்த மகன், "இது அப்பா எழுத்தே இல்லை" என்று சொல்லவில்லை. அப்பாவின் எழுத்தை அவருக்குத் தெரியாதா? அவருடைய வக்கீல் கேட்டது வேறு: "சாட்சி யாரும்மா?" நான்காம் பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்துக்குக் கீழே வெற்றுக் கோடுகள்தான் இருந்தன.

அந்தக் கேள்வியோடு உயில் முடிந்துபோயிற்று. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-வது பிரிவு உயிலுக்குக் கேட்பவை அதிகமில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை. வக்கீல் எழுத வேண்டும், தட்டச்சில் இருக்க வேண்டும் என்றெல்லாம் எதுவுமில்லை. எழுதுபவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து, இந்த எழுத்துக்கு உயிலாக உயிர் கொடுக்கத்தான் போடப்பட்டது என்பது அது இருக்கும் இடத்திலிருந்து தெரிய வேண்டும். மூன்றாவதாக, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். இந்த மூன்றாவதில் சலுகையே இல்லை. தானே தன் கையால் முழுவதும் எழுதினேன் என்பதால் சாட்சி வேண்டாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

பலருக்கு இங்கேதான் மனம் ஒப்பாது. டைப் அடித்த காகிதத்தில் யாரோ கையெழுத்தைப் போட்டு ஏமாற்றலாம். நான்கு பக்கக் கையெழுத்தை ஏமாற்ற முடியுமா? நியாயமான கேள்வி. உயில் முழுவதும் தன் கைப்பட எழுதப்பட்டிருந்தால் அது உண்மையானது என்று நம்புவதற்குக் கூடுதல் காரணம் உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு சாட்சிக் கையெழுத்து இருக்கும் உயிலைப் பற்றியது. எழுத்து யாருடையது என்பதற்குத்தான் கையெழுத்து ஆதாரம். எழுதியவர் இதை இறுதி முடிவாக நினைத்தாரா, நாளைக்கு மாற்றி எழுத வைத்திருந்த நகலா, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாரா, அப்போது அவர் தெளிவாக இருந்தாரா என்பதைப் பற்றி எழுத்து ஒன்றும் பேசாது. மற்ற பத்திரங்களில் சந்தேகம் வந்தால் எழுதியவரையே கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் இருக்க மாட்டார். அவருக்குப் பதிலாகக் கூண்டில் ஏறத்தான் அந்த இருவர்.

எல்லா நாடும் இப்படி நினைக்கவில்லை. 1948-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் செசில் ஜார்ஜ் ஹாரிஸ் என்ற விவசாயி தன் வயலில் டிராக்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டார். மணிக்கணக்காகச் சிக்கிக் கிடந்தவர், தான் செத்துப்போனால் எல்லாம் மனைவிக்கே என்று பேனாக்கத்தியால் டிராக்டரின் மட்கார்டில் கீறிக் கையொப்பமும் இட்டார். மருத்துவமனையில் இறந்தார். சாட்சி யாருமில்லை. அங்குள்ள சட்டம் தன் கையால் எழுதிக் கையொப்பமிட்ட உயிலைச் சாட்சி இல்லாமலே ஏற்பதால், மட்கார்டைக் கழற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் உயிலாக நிரூபித்தார்கள். இலங்கை நேர் எதிர்ப்பக்கம். அங்கே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும்.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. 1870-இன் இந்து உயில் சட்டம் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் வங்காளப் பகுதிக்கும் மட்டும்தான் எழுத்தையும் சாட்சியையும் கட்டாயமாக்கியது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஒரு இந்து வாய்மொழியாகச் சொன்ன உயில்கூடச் செல்லுபடியானது. 1927 ஜனவரி 1 முதல்தான் எல்லா ஊருக்கும் ஒரே விதி வந்தது. கொள்ளுத்தாத்தா சாட்சியில்லாமல் எழுதி வைத்தது செல்லும், அப்பா எழுதி வைத்தது செல்லாது என்ற விசித்திரம் அப்படி வந்ததுதான்.

விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். போர்முனையில் இருக்கும் ராணுவத்தினருக்கும் கடலில் இருக்கும் மாலுமிக்கும் சட்டத்தில் சலுகை உயில் என்று ஒன்று உண்டு. தன் கையால் எழுதியிருந்தால் சாட்சி தேவையில்லை. இன்னொன்று நம் பக்கத்து வீட்டுக்கே பொருந்துவது. 63-வது பிரிவு முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தாது. அவர்களுடைய தனிச்சட்டத்தில் உயில் வாய்மொழியாகவும் இருக்கலாம், சாட்சிக் கையெழுத்து இல்லாமலும் இருக்கலாம். அங்கே கட்டுப்பாடு வேறு இடத்தில்: வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினாலும், வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் தனியாக எழுதினாலும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதனால் இதே நோட்டு ஒரு முஸ்லிம் ஆசிரியருடையதாக இருந்தால், சாட்சியில்லை என்பதற்காகத் தோற்காது. அண்ணன் சம்மதிக்கவில்லை என்பதற்காகத் தோற்கலாம்.

மாம்பலம் நோட்டுக்குத் திரும்புவோம். மகளுக்கு முதலில் கிடைத்த யோசனை உறவுக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. "அதுக்கென்னம்மா, அப்பாவை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட இப்ப கையெழுத்து வாங்கிடலாம்." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அது உயிலுக்கு உயிர் கொடுக்காது. கையெழுத்துப் போட்டவர்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பொய் ஆவணமாக மாற்றிவிடும். சாட்சி, எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். இறந்தவரின் முன்னிலை என்று ஒன்று கிடையாது. குறுக்கு விசாரணையில் இது தெரியாமலும் போகாது. அன்றைக்கு எந்த அறையில் உட்கார்ந்திருந்தீர்கள், முதலில் யார் கையெழுத்துப் போட்டது, நோட்டு யார் கையில் இருந்தது, உங்கள் பேனாவா அவருடையதா என்று நான்கு கேள்வி போதும். அந்தத் தேதியில் சாட்சி பேரனைப் பார்க்க வெளியூர் போயிருந்த ரயில் டிக்கெட் எதிர்த்தரப்பிடம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது யோசனை, உயிலைப் பதிவு செய்துவிடுவது. உயில் எழுதியவர் இறந்த பிறகும் அதைப் பதிவுக்குக் கொண்டுபோகப் பதிவுச் சட்டத்தில் வழி இருப்பது உண்மைதான். ஆனால் பதிவு என்பது சாட்சிக்கு மாற்று அல்ல. உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்த உயிலிலும் இந்தக் குழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் "இவரை எனக்குத் தெரியும்" என்று அடையாளம் காட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களே உயிலின் சாட்சிகள் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். அடையாளம் காட்டுவதற்காகப் போட்ட கையெழுத்து, பத்திரம் எழுதியதற்குச் சாட்சியாகப் போட்ட கையெழுத்து ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1969-இல், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அது உயில் வழக்கல்ல, கடனுக்கான ஒரு பத்திரம், கொள்கை ஒன்றுதான்.

ஆக, சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் உயில் எழுதாமல் இறந்தவர். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமபங்கு. மனைவி இல்லை, தாயும் இல்லை, மூன்று பிள்ளைகள். வீடு மூன்றில் ஒன்று, பணம் மூன்றில் ஒன்று. நோட்டின்படி மகளுக்கு முழு வீடும் மகன்களுக்குப் பணமும் என்றிருந்த கணக்கு கலைந்துபோகிறது. அப்பாவின் விருப்பத்தை மதிக்க நினைக்கும் பிள்ளைக்கு ஒரே வழி, தன் பங்கைத் தானே விட்டுக்கொடுப்பது. இளைய மகன் வீட்டில் தன் மூன்றில் ஒன்றைத் தங்கைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். குடும்பத்துக்குள் எழுதும் இத்தகைய பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. அப்போது மகளுக்கு மூன்றில் இரண்டு, மூத்தவருக்கு மூன்றில் ஒன்று. நோட்டு இங்கே ஒரு மகனின் மனதில் வேலை செய்தது. சட்டத்தில் அதற்கு வேலையில்லை.

இப்போது அதே நோட்டை வேறு மாதிரி நடந்ததாக வைத்துக்கொள்வோம். எழுதி முடித்த மறுநாள் காலை ஆசிரியர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி ஊழியரிடம் நோட்டைக் காட்டி, "இது என் உயில், கீழே இருப்பது என் கையெழுத்து, நீங்கள் சாட்சி போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் உயிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தன் கையெழுத்துதான் என்று ஆசிரியர் வாயால் ஒப்புக்கொண்டாலே போதும். மாலையில் மாடிக் குடித்தனக்காரர் தனியாக வந்து அதேபோல் போட்டிருக்கலாம். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் ஆசிரியரின் கண் முன்னால் போட்டிருக்க வேண்டும், அவ்வளவே. மகள் அந்த வீட்டிலேயே இருந்தாலும் சாட்சியாகப் போடாமல் ஒதுங்கியிருப்பது நல்லது. சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால், கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பங்கே போய்விடும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும் சந்தேகத்துக்கு வாசல் திறக்கும்.

சாட்சி இருக்கும் இந்த நோட்டு எப்படி நீதிமன்றம் போகும்? புரோபேட் என்பது, இந்த உயில் உண்மையானது என்று நீதிமன்றம் முத்திரையிட்டு, உயிலின் நகலை இணைத்துத் தரும் சான்று. தமிழில் மெய்ப்பிதழ் என்பார்கள்; வழக்கத்தில் புரோபேட்தான். உயிலில் நிறைவேற்றுபவர் என்று யாரைக் குறிப்பிட்டிருக்கிறதோ அவர்தான் இதைக் கேட்க முடியும். ஆசிரியர் மகளையே குறிப்பிட்டிருப்பதால் மகள் கேட்கலாம். யாரையும் குறிப்பிடாவிட்டால், உயிலில் சொத்து பெறுபவர் உயிலை இணைத்து நிர்வாக ஆணை கேட்க வேண்டும். பெயரும் சில நிபந்தனைகளும் மாறும். உயிலை நிரூபிக்கும் பாடு ஒன்றே.

மற்ற மாவட்டங்களில் மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சென்னை நகருக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் தாக்கல் செய்கிறார்கள். இறப்பு நாள், இணைத்திருப்பது கடைசி உயில் என்ற உறுதி, அது முறைப்படி எழுதிச் சாட்சியிடப்பட்டது என்ற கூற்று, சொத்து மதிப்பு, மற்ற வாரிசுகளின் பெயர் முகவரி ஆகியவை மனுவில் இருக்கும். மூல உயில் நீதிமன்றத்தின் பாதுகாப்புக்குப் போய்விடும். பிறகு அது திரும்பி வராது, சான்றிட்ட நகல்தான் கையில் இருக்கும். மனுவில் சாட்சிகளில் ஒருவரேனும், கிடைக்கும்பட்சத்தில், நான் அங்கிருந்தேன், அவர் ஒப்புக்கொண்டார், நான் அவர் முன் கையெழுத்திட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும். சாட்சியில்லாத நோட்டு இந்த இடத்தைத் தாண்டவே முடியாது. நிரப்ப ஆளில்லாத பத்தியாக அது நின்றுவிடும்.

அடுத்து நீதிமன்றம் மற்ற வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பும். பத்திரிகையில் விளம்பரமும் வரும். இரண்டு மகன்களும் "ஆட்சேபமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், சாட்சியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொண்டு, கட்டணம் கட்டியதும் புரோபேட் வந்துவிடும். மூத்தவர் கேவியட் போட்டுவிட்டால் கதை மாறும். மனு வழக்காகிவிடும்; மகள் வாதி, அண்ணன் பிரதிவாதி. சென்னையில் ஓ.பி. எண் போய் டி.ஓ.எஸ். எண் வரும். ஓ.பி. மாதக்கணக்கு என்றால் டி.ஓ.எஸ். வருடக்கணக்கு.

வழக்கில் நிரூபிக்கும் பாரம் உயிலை முன்வைப்பவர் மேல். ஒரு சாட்சியையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விதி வேறு எண்ணில் இருக்கிறது. அந்த ஒருவர் வந்தால் மட்டும் போதாது. தன் கையெழுத்தையும் மற்ற சாட்சியின் கையெழுத்தையும் சேர்த்து அவர் சொல்ல வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜானகி நாராயண் போயிர் வழக்கில், கூண்டில் ஏறிய சாட்சியால் மற்றவர் சாட்சியிட்டதைச் சொல்ல முடியவில்லை. மற்றவர் உயிரோடு இருந்தும் அவரைக் கூப்பிடவில்லை. உயில் தோற்றது. எதிர்வீட்டுக்காரரும் மாடிக்காரரும் தனித்தனியாக வந்து போட்ட நம் நோட்டுக்கு இது நேரான எச்சரிக்கை. சட்டப்படி செல்லும் என்றாலும், நிரூபிக்க இருவருமே கூண்டுக்கு வர வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் இருவரையும் உட்கார வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தன் வயதுக்காரரையே சாட்சியாக்கினால் அவரும் முன்பே போய்விடலாம். இருவருமே இறந்துவிட்டால் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அவர்களை அறிந்தவர்கள் மூலம் நிரூபிக்கலாம். வழி இருக்கிறது, ஆனால் இழுக்கும்.

அண்ணன் தரப்பு தேடுவது சந்தேகச் சூழ்நிலைகளை. 1958-இன் வெங்கடாசல ஐயங்கார் வழக்கு இன்றும் இதற்கு அளவுகோல். நடுங்கும் கையெழுத்து, காரணம் சொல்லாமல் பிள்ளைகளை ஒதுக்கியது, ஆதாயம் பெறுபவரே எழுதும் வேலையில் முன்நின்றது போன்றவை இருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் வேலையும் உயிலை முன்வைப்பவருடையது. தலைமையாசிரியர் மகன்களை ஏன் வீட்டிலிருந்து விலக்கினார் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த இரண்டு வரி கூண்டில் பெரிய துணை. கைப்பட எழுதியதன் பலமும் இங்கேதான் வரும். ஒன்று மட்டும்: பின்னாளில் ஒரு தொகையை அடித்துத் திருத்தியிருந்தால், பக்கத்தில் அவரும் சாட்சிகளும் கையெழுத்திடாத அந்தத் திருத்தம் செல்லாது.

புரோபேட் கட்டாயமா என்பது இப்போது பலர் கேட்பது. மயிலாப்பூர் வீட்டுக்குக் கட்டாயம், மதுரை வீட்டுக்கு வேண்டாம் என்று நூறாண்டுக்கு மேல் ஒரு பாகுபாடு இருந்தது. சென்னை, பம்பாய் நகர எல்லைக்குள்ளும் வங்காளப் பகுதியிலும் எழுதிய, அல்லது அங்குள்ள நிலம் வீடு பற்றிய இந்து உயிலுக்கு, 213-வது பிரிவின்படி புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இனிமேல் உயிலுக்கு நிரூபணமே வேண்டாம் என்று இதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், தவறு. சாட்சி விதி அப்படியே இருக்கிறது. யாராவது மறுத்தால் சிவில் வழக்கில் அதே இரண்டு சாட்சிகளோடு அதே பாடு படத்தான் வேண்டும். அந்தச் சிவில் தீர்ப்பு வழக்கில் இருந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும். புரோபேட் உலகம் முழுவதையும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. வீட்டை வாங்க வருபவரும் அவருக்குக் கடன் தரும் வங்கியும் சமயத்தில் இதைத்தான் கேட்பார்கள். வாங்க நினைத்தால் மூன்று வருடக் காலக்கெடுவை மனதில் வைக்க வேண்டும். அது இறந்த நாளிலிருந்துதான் என்றில்லை, விண்ணப்பிக்கும் உரிமை எழுந்த நாளிலிருந்து எண்ணப்படும். உயில் மறுக்கப்பட்ட நாளை அதற்கு ஆரம்பமாகக் கொள்வதுண்டு.

புரோபேட் கைக்கு வந்த பிறகு மகள் பட்டா, சொத்து வரி, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தர வேண்டும் என்ற கடமையும் அவருக்கு உண்டு. பெரும்பாலோர் மறந்துபோவது இது. வீடு உண்மையில் ஆசிரியருடையதுதானா, அதில் தாத்தா சொத்தின் பங்கு இருந்ததா என்பதை மட்டும் புரோபேட் சொல்லாது. உயில் மெய்யா என்பதோடு அந்த நீதிமன்றத்தின் வேலை முடிந்தது. உரிமைச் சண்டைக்குத் தனி வழக்கு.

நிஜத்தில் நடந்த பக்கத்தில் மகள் இன்னும் அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறார், அவருடைய மூன்றில் ஒன்றுக்கு விலை வைத்துக் கொடுத்துவிடலாமா என்று. பேச்சு தடைப்படும்போதெல்லாம் அண்ணன் சொல்வது: "அப்பா எழுதினது எனக்குத் தெரியாதாம்மா? ஆனா அது உயில் இல்லையே."